"உள்ளது உள்ளபடி" என்று கையெழுத்துப் போட்ட பிறகு வீடு ஒழுகினால்: வாடகைக்கு இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"ஒப்பந்தத்தில் 'ஆஸ் ஈஸ் வேர் ஈஸ்', அதாவது 'உள்ளது உள்ளபடி', என்று ஒரு வரி இருக்கிறது. சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி வீட்டில் எது கெட்டாலும் என் தலையிலா?"

இல்லை. அந்த வரி சாவி கைமாறிய அன்று வீடு எப்படி இருந்தது என்பதைப் பற்றியது. அன்று கண்ணுக்குத் தெரிந்த குறைகளை நீங்கள் பார்த்தீர்கள், ஏற்றுக்கொண்டீர்கள் என்பதுதான் அதன் பொருள். விரிசல் விட்ட தரை ஓடு, இழுத்தால் மட்டும் மூடும் கதவு, துருப்பிடித்த ஜன்னல் கம்பி போன்றவற்றை மறுநாள் காட்டி "மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்கமுடியாது. கேட்டு ஓனர் செய்து கொடுத்தால் அது அவர் நல்ல மனசு.

குடிவந்த பிறகு புதிதாக வரும் பழுதைப் பற்றி அந்த வரி எதுவும் சொல்வதில்லை. அன்றே இருந்தும் உங்கள் கண்ணுக்குப் படாமல் மறைந்திருந்த, ஓனருக்கு மட்டும் தெரிந்திருந்த குறையையும் அது காப்பாற்றாது. இந்த மூன்று வகையையும் பிரித்துப் பார்க்காமல் போனால், "நீதானே கையெழுத்துப் போட்டே" என்ற ஒரே பதிலில் நியாயமான கோரிக்கையும் அமுங்கிப்போகும். ஆகவே எந்தப் பழுதானாலும் அன்று தெரிந்ததா, அன்று மறைந்திருந்ததா, பிறகு வந்ததா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டு நகர்ப்புற வாடகை வீடுகளுக்கு. அரசுக் குடியிருப்பும், கம்பெனி தன் ஊழியருக்குக் கொடுக்கும் குவார்ட்டர்ஸும் இதில் வராது.

"எந்தச் சட்டம் அப்படிச் சொல்கிறது? ஓனரிடம் சொல்ல எனக்கு ஒரு பிரிவு எண்ணாவது வேண்டும்."

இரண்டு சட்டங்களை நினைவில் வைத்தால் போதும்.

முதலாவது, தமிழ்நாடு அரசு 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம். பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. பிரிவு 15 பராமரிப்பைப் பற்றியது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தில் மாறாக என்ன இருந்தாலும், வீட்டைத் தொடக்கத்தில் இருந்த நல்ல நிலையிலேயே வைத்திருக்க இருவரும் கடமைப்பட்டவர்கள் என்கிறது. புழக்கத்தில் இயல்பாக வரும் தேய்மானம் மட்டும் விலக்கு.

யார் எதைச் செய்யவேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கட்டுமானப் பழுது (வாடகைதாரரே சேதப்படுத்தியிருந்தால் தவிர), சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய் மாற்றுவது, உள்ளும் புறமும் மின் வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கழிப்பறை, வாஷ்பேசின் ரிப்பேர், கீசர், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. அட்டவணையை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள், ஒரு பக்கம்கூட வராது. பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும், சில சமயம் உங்களுக்கு எதிராகவும்.

இரண்டாவது, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108. வாடகைக்கு விடுபவருக்குத் தெரிந்த, வாடகைக்கு எடுப்பவருக்குத் தெரியாத, அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்கமுடியாத முக்கியக் குறையை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும் என்கிறது அதன் முதல் உட்பிரிவு. தான் செய்யவேண்டிய ரிப்பேரை, நோட்டீஸ் கொடுத்து நியாயமான காலம் ஆன பிறகும் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம் என்று இன்னொரு உட்பிரிவு சொல்கிறது. ஆனால் பிரிவு 108 "வேறு ஒப்பந்தம் இல்லாதபோது" என்றுதான் தொடங்குகிறது. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதினால் இது பின்வாங்கும். அதனால்தான் 2017 சட்டத்தை முதலில் வைத்தேன்.

"என் ஒப்பந்தத்தில் 'எல்லா ரிப்பேரும் வாடகைதாரர் செலவு' என்றே எழுதியிருக்கிறது. அப்போதும் பிரிவு 15 எனக்குத் துணை வருமா?"

வரும், ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மறைத்து உங்களை ஓனரோடு மோதவிட எனக்கு விருப்பமில்லை.

பிரிவு 15 "ஒப்பந்தத்தில் என்ன இருந்தாலும்" என்று தொடங்கிவிட்டு, ரிப்பேர் பொறுப்பைச் சொல்லும் இடத்தில் "இரண்டாம் அட்டவணைப்படி, அல்லது ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டபடி" என்கிறது. ஓனர் தரப்பு வக்கீல் பிடிப்பது அந்த "அல்லது"வைத்தான். "ஒத்துக்கொண்டார், அதனால் அவர்தான் செய்யவேண்டும்" என்பார். அதற்கான பதில் அதே வாக்கியத்தின் முதல் பாதியில் இருக்கிறது. வீட்டைத் தொடக்க நிலையில் வைத்திருக்கும் கடமை இருவருக்கும் உண்டு, அதை ஒப்பந்தத்தால் துடைத்தெறிய முடியாது.

என் கணிப்பு இது. "கீசரும் மோட்டாரும் கெட்டால் வாடகைதாரர் பார்த்துக்கொள்வார்" என்று பெயர் சொல்லி எழுதியிருந்தால் அது பெரும்பாலும் உங்களைக் கட்டும். "எல்லா ரிப்பேரும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதி, அதை வைத்து மொட்டைமாடித் தளத்தையும் தூணையும் பீமையும் உங்கள் செலவில் சரிசெய்யச் சொன்னால், எதிர்த்து வாதாட உங்களுக்கு நல்ல அடிப்படை இருக்கிறது. "உள்ளது உள்ளபடி" என்று மட்டும் இருந்தால் வாதமே எளிது. அது நிலையைப் பற்றிய வரி, யார் ரிப்பேர் செய்வது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

"மடிப்பாக்கத்தில் தனி வீட்டின் முதல் மாடி. மே மாதம் குடிவந்தோம். வாடகை 18,000, அட்வான்ஸ் 54,000, பதினோரு மாத ஒப்பந்தம், 'உள்ளது உள்ளபடி' வரி உண்டு. ஐப்பசி மழை பிடித்ததும் பெட்ரூம் கூரையில் ஈரம் பரவி, ஃபேன் கொக்கி வழியாகச் சொட்டுகிறது. சுவிட்ச் போட்டால் டிரிப் ஆகிறது. ஓனர் 'பார்த்துத்தானே வந்தீங்க' என்கிறார்."

முதலில் உயிர், பிறகு சட்டம். அந்த அறைக்குப் போகும் லைனின் எம்சிபியை இறக்கி வையுங்கள். டிரிப் ஆவது ஒரு எச்சரிக்கை. ஈரம் கூரைக்குள் புதைத்த வயர்க் குழாயில் இறங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப மேலே தள்ளிப் பார்க்காதீர்கள், எலக்ட்ரீஷியன் வரும்வரை ஃபேனையும் தொடவேண்டாம்.

இனி வழக்கு. மே மாதம் வெயில் கொளுத்தும்போது வீடு பார்த்தீர்கள். கூரையில் புது பெயின்ட். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் வருகிறது. சாதாரணக் கவனத்தோடு பார்த்த ஒருவர் மே மாதத்தில் இந்த ஒழுகலைக் கண்டுபிடித்திருக்க முடியாது. எனவே "பார்த்துத்தானே வந்தீங்க" என்பது இந்தக் குறைக்குப் பொருந்தாது. ஓனருக்கு இரண்டு வழிதான் உண்டு. "போன மழையிலும் ஒழுகியது" என்றால் அது அவருக்குத் தெரிந்து மறைத்த குறை. "இதுவரை ஒழுகியதே இல்லை" என்றால் அது நீங்கள் வந்த பிறகு வந்த கட்டுமானப் பழுது, அட்டவணையில் அவர் பக்கம். எப்படிச் சொன்னாலும் பொறுப்பு அவரிடமே நிற்கிறது. அதனால் அவர் முதலில் என்ன சொன்னார் என்பதை எழுத்தில் வாங்கிவைப்பது உங்களுக்கு நல்லது.

வயரிங் அவர் பொறுப்பு. எரிந்துபோன சுவிட்ச் அட்டவணைப்படி உங்கள் பட்டியலில் வரும். ஆனால் அது கைபட்டுத் தேய்ந்து போகவில்லை, கூரைத் தண்ணீர் இறங்கிப் போனது. காரணத்தைச் சுட்டிக்காட்டி அதையும் சேர்த்துக் கேளுங்கள். அது ஒன்றுக்காக மட்டும் பிடிவாதம் பிடிக்கவேண்டாம், நூறு இருநூறு ரூபாய் விஷயம்.

"முன்பே ஒழுகியிருக்கிறது, பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள் என்று எப்படி நிரூபிப்பது?"

ஈரத்தில் உப்பிய பெயின்ட் தானாக உரியும்போது உள்ளே பாருங்கள். பழைய பெயின்ட் படலத்தில் காபிக்கறை மாதிரி பழுப்பு வளையங்கள் இருந்து, அதன்மேல் புதுப் பட்டி பூசியிருந்தால், அது முந்தைய மழையின் தடம். ஒவ்வொரு முறை நனைந்து காயும்போதும் ஈரத்தின் விளிம்பில் ஒரு கோடு நிற்கும். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்கள் தெரிந்தால் பலமுறை நனைந்திருக்கிறது. கூரையின் ஒரு பகுதியில் மட்டும் பட்டி தடிப்பாக இருப்பதும், வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதும், ஃபேன் கொக்கியைச் சுற்றித் துரு ஆழமாக இறங்கியிருப்பதும் அதே கதையைச் சொல்லும். உரிந்த துண்டை எறியாதீர்கள். பக்கத்தில் அளவுகோலோ நாணயமோ வைத்து, தேதி விழும்படி போட்டோ எடுங்கள்.

மொட்டைமாடிக்குப் போக அனுமதி இருந்தால் அங்கும் பாருங்கள். தட்டோடு பதித்த மாடியில், உங்கள் பெட்ரூமுக்கு நேர்மேலே மட்டும் ஓட்டு இடுக்கில் புது சிமென்ட் பூச்சு இருந்தால், யாரோ முன்பே அந்த இடத்தைத் தேடி வந்து ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

முன்பு குடியிருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் எல்லாவற்றையும்விட வலுவானது. அவர் ஓனருக்கு அனுப்பிய பழைய வாட்ஸப் புகார் ஒன்று கிடைத்தால், ஓனருக்குத் தெரியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கீழ்வீட்டுக்காரரும் எதிர்வீட்டு அயர்ன்காரரும் சொல்வது துப்புக் கொடுக்கும், ஆனால் எழுதித் தர யாரும் முன்வருவதில்லை.

நிரூபிக்க முடியவில்லை என்றாலும் கோரிக்கை சாகாது. மறைத்தார் என்பது நிரூபணமானால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்கும் வழி திறக்கும், இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. ரிப்பேர் மட்டும் வேண்டும் என்றால் அவ்வளவு தூரம் போகவேண்டாம், கட்டுமானப் பழுது என்பதே போதும்.

"ஓனர், 'நீங்க ஏசி மாட்டினதாலதான் ஈரம்' என்கிறார். மழைத்தண்ணீர்தான் என்று காட்ட முடியுமா?"

ஈரம் எப்போது வருகிறது என்பதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். மழை பெய்த சில மணி நேரத்தில் பெருகி, நாலைந்து நாள் வெயிலில் வெளிறினால் மாடித் தளம். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவில் கசிந்தால் சுவருக்குள் போகும் குழாய் அல்லது மேல்வீட்டுக் குளியலறை. ஏசி ஓடும் இரவுகளில் மட்டும், அந்த யூனிட்டுக்குக் கீழே மட்டும் வந்தால் அதன் வடிகுழாய், அது உங்கள் பொறுப்புதான். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஏறி நிற்பது ஓதம், அடித்தளத்திலிருந்து வருவது.

சந்தேகம் தீராவிட்டால் கொத்தனார்கள் செய்யும் பழைய சோதனை ஒன்று உண்டு. மழையில்லாத நாளில், மாடியின் மழைநீர்க் குழாய் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி ஒரு முழு நாள் விட்டுப் பார்ப்பது. ஏசியை அணைத்து வைத்த நிலையில் கூரை நனைந்தால் பேச்சு முடிந்தது. ஓனரையும் கூப்பிட்டு அவர் கண்முன்னே செய்யுங்கள், அவர் அனுமதி இல்லாமல் மாடியில் தண்ணீர் நிறுத்தாதீர்கள். மின்சாரம் கசியும் அறையில் இந்தச் சோதனைக்கு முன் அந்த லைனை இறக்கியிருக்கவேண்டும்.

"போனில் பத்து முறை சொல்லிவிட்டேன். 'ஆள் அனுப்பறேன்' என்கிறார், வருவதில்லை. அடுத்து என்ன?"

போனை நிறுத்திவிட்டு எழுத்துக்கு வாருங்கள். இந்தச் சட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கும் வலுவான வழிகள் ஓனரின் மறுப்பைச் சார்ந்தவை. எழுத்தில் கேட்டால்தான் எழுத்திலோ மௌனத்திலோ மறுத்தார் என்று காட்டமுடியும். முதல் கடிதம் மரியாதையாக, சண்டைச் சொல் இல்லாமல் இருக்கட்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"சார், வணக்கம். முதல் மாடி பெட்ரூம் கூரையில் அக்டோபர் 18 மழையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஃபேன் லைனில் ஈரம் இறங்கி டிரிப் ஆவதால் அந்த அறையைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம். மே மாதம் குடிவந்தபோது இந்தக் குறை வெளியே தெரியவில்லை. இது கட்டுமானமும் வயரிங்கும் சம்பந்தப்பட்டதால் 2017 சட்டத்தின் பிரிவு 15, இரண்டாம் அட்டவணைப்படி தாங்கள் செய்துதரவேண்டியது. இந்தக் கடிதம் கிடைத்த 10 நாளில் வேலையைத் தொடங்கித் தரக் கேட்டுக்கொள்கிறேன். ஆள் வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் வீட்டில் இருப்போம். போட்டோக்களும் எலக்ட்ரீஷியன் எழுதித் தந்த குறிப்பும் இணைத்துள்ளேன்."

வாட்ஸப்பில் அனுப்பி, அதையே அச்செடுத்து, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். வாட்ஸப்பை அவர் அழிக்கலாம், போன் மாறலாம், தபால் சான்று உங்கள் கையில் நிற்கும். "10 நாள்" என்பது சட்டம் சொல்லும் எண் இல்லை, நியாயமான காலம் என்று யாரும் ஒத்துக்கொள்ளக்கூடிய எண். மின்சார ஆபத்துக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் கேட்டாலும் தவறில்லை.

கடைசி வரியைக் கவனியுங்கள். வேலையாளை உள்ளே விடாமல் "நேரமில்லை" என்று நீங்கள் தட்டிக்கழித்தால், மறுத்தவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். ஓனர் 24 மணி நேரம் முன்பு எழுத்தில் சொல்லிவிட்டு வந்து பார்க்க அவருக்கு உரிமை உண்டு.

"செய்யாவிட்டால் வாடகையை நிறுத்திவிடலாமா?"

கூடாது. இந்த விஷயத்தில் குடியிருப்பவர்கள் தங்களுக்கே செய்துகொள்ளும் பெரிய கெடுதல் இதுதான். இரண்டு மாத வாடகை பாக்கியானால் காலிசெய்யக் கேட்க ஓனருக்குச் சட்டப்படி காரணம் கிடைத்துவிடும். அதன்பிறகு ஒழுகும் கூரையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், உங்கள் பாக்கியைப் பற்றித்தான் பேசுவார்கள்.

சட்டம் தரும் வழி வேறு. ஓனர் மறுத்தால் நீங்களே ரிப்பேர் செய்து, செலவை மாத வாடகையில் கழிக்கலாம். எந்த ஒரு மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக்கூடாது.

மடிப்பாக்கம் வீட்டுக்கே கணக்குப் போடுவோம். தட்டோட்டைப் பெயர்த்து ஈரக்காப்பு போட்டுத் திரும்பப் பதிக்க 27,000, கூரை லைனுக்குப் புது வயர் இழுக்க 4,500, மொத்தம் 31,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 18,000, பாதி 9,000. நவம்பரில் வேலை முடிந்தால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் தலா 9,000 கழித்து 9,000 கட்டுகிறீர்கள். மீதி 4,500-ஐ மார்ச்சில் கழித்து 13,500 கட்டுகிறீர்கள். பதினோரு மாத ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது, கணக்கும் மார்ச்சோடு முடிகிறது. இதே வேலையை ஜனவரி கடைசியில் செய்திருந்தால் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதத்தில் 18,000 மட்டும்தான் திரும்பியிருக்கும். மீதிக்காக அட்வான்ஸ் கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஆகவே எழுத்தில் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலை தொடங்குமுன் இரண்டு இடங்களில் மதிப்பீடு வாங்கி ஓனருக்கு அனுப்புங்கள். "இந்தத் தேதிக்குள் நீங்கள் செய்யாவிட்டால் குறைந்த மதிப்பீட்டில் நான் செய்து வாடகையில் கழிப்பேன்" என்று எழுதுங்கள். மாடி அவருடையது. "கை வைக்காதே" என்று அவர் எழுத்தில் தடுத்தால், பூட்டை உடைத்து மேலே ஏறவேண்டாம். அந்தத் தடையோடு வாடகை அதிகாரியிடம் போவதுதான் சரி. கழித்த ஒவ்வொரு மாதமும் வங்கி வழியாகவே கட்டி, "வாடகை 18,000, ரிப்பேருக்குக் கழிவு 9,000, பாக்கி இன்னும் இவ்வளவு" என்று ஒரு வரி அனுப்புங்கள்.

"வாடகை அதிகாரி என்பவர் யார்? அங்கே போக வக்கீல் வேண்டுமா?"

இந்தச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியரால் நியமிக்கப்படும், துணை ஆட்சியருக்குக் குறையாத அந்தஸ்துள்ள அதிகாரி. ஒப்பந்தங்கள் அவரிடம்தான் பதிவாகவேண்டும், அதற்கான தளம் tenancy.tn.gov.in. உங்கள் ஒப்பந்தத்துக்குப் பதிவு எண் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்த பதினோரு மாத ஒப்பந்தம்தான் பலரிடம் இருக்கிறது. பதிவில்லாத தாளோடு போவது உங்கள் கையைத் தளர்த்தும். ஓனர் சேர்ந்து வரமறுத்தால் நீங்கள் தனியாகவும் விவரம் தாக்கல் செய்யலாம்.

வக்கீல் இல்லாமலும் மனு கொடுக்கலாம். கடிதம், தபால் சான்று, போட்டோ, மதிப்பீடு, வாடகை கட்டிய வங்கிப் பதிவு இவ்வளவையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப்போனால், பாதி வாதம் அந்தக் கோப்பே செய்துவிடும்.

"அடுக்குமாடியில் இருக்கிறேன். ஒழுகுவது மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து. ஓனர் 'அசோசியேஷனைக் கேளு' என்கிறார்."

நீங்கள் வாடகை கொடுப்பது ஓனருக்கு. அசோசியேஷனோடும் மேல்வீட்டுக்காரரோடும் பேசவேண்டியவர் அவர்தான், அங்கே அவருக்கு இருக்கும் குரல் உங்களுக்கு இல்லை. கடிதம் அவர் பெயருக்கே எழுதி, செயலாளருக்கு நகல் கொடுங்கள். நீங்களே செய்து கழிக்கும் வழி இங்கே நடைமுறையில் உதவாது, இன்னொருவர் வீட்டுத் தரையை நீங்கள் உடைக்கமுடியாது. உங்கள் பக்கத்து வயரிங்கை மட்டும் பாதுகாப்பாக்கிக் கழிக்கலாம்.

"ரிப்பேரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். காலிசெய்துவிட்டுப் போகிறேன். ஒப்பந்தக் காலம் முடியவில்லையே, அட்வான்ஸ் போய்விடுமா?"

ரிப்பேர் செய்யாமல் அந்த வீட்டில் குடியிருக்கவே முடியாது, எழுத்தில் கேட்டும் ஓனர் மறுத்துவிட்டார் என்றால், 15 நாள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேற பிரிவு 15 இடம் தருகிறது. ஒப்பந்தத்தில் "ஆறு மாதத்துக்குள் போனால் ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்" என்று இருந்தாலும் இந்தக் காரணத்தைச் சொல்லி எதிர்க்கலாம்.

"குடியிருக்கவே முடியாது" என்பதுதான் இங்கே கனமான சொல். ஒரு சுவரில் ஈரத்திட்டு போதாது. இரண்டு பெட்ரூமில் ஒன்று ஒழுகுவது விவாதத்துக்கு உரியது. மின்கசிவோடு கூரைப் பூச்சு பெயர்ந்து விழுகிறது, கழிப்பறை பயன்படுத்த முடியவில்லை என்ற அளவு இருந்தால் தயங்கவேண்டாம். நடுவில் நிற்கும் வழக்காக இருந்தால், வெளியேறுவதைவிட முதலில் வாடகை அதிகாரியிடம் போவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

காலிசெய்யும் அன்று ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, சாவி கொடுத்ததற்கு ஒரு வரி எழுதி வாங்குங்கள். உங்கள் பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பவேண்டும். ஈரத்தால் கெட்ட சுவருக்கு "பெயின்டிங் சார்ஜ்" என்று பிடித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"புகார் சொன்னதிலிருந்து மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டார். தண்ணீர் வருவதில்லை."

தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்திவைக்க பிரிவு 20 தடைசெய்கிறது. ரிப்பேர் மனுவோடு இதைக் கலக்காமல் தனி மனுவாகக் கொடுத்து, உடனே திரும்பத் தர இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

"நாங்கள் ஒத்திக்கு இருக்கிறோம். மாத வாடகையே இல்லையே, எதில் கழிப்பது?"

கழிக்க வழியில்லை என்பது உண்மை. மொத்தப் பணமும் ஓனரிடம் இருப்பதால் உங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது. எழுதியது குத்தகையா, அடமானமா என்பதைப் பொறுத்து போகவேண்டிய இடமும் மாறும், பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். செலவு செய்யுமுன், "இந்தத் தொகையை ஒத்திப் பணத்தோடு சேர்த்துத் திருப்பித் தருகிறேன்" என்று ஓனர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

"மெத்தையும் பீரோவில் இருந்த பட்டுப்புடவைகளும் நனைந்து கெட்டுவிட்டன. அதையும் கேட்கலாமா?"

கேட்கலாம், கிடைப்பது கடினம். அவருக்குத் தெரிந்தும் சரிசெய்யவில்லை, அதனால் நஷ்டம் வந்தது என்று காட்டவேண்டும். உங்கள் முதல் கடிதத்துக்குப் பிறகு கெட்ட பொருளுக்கு வாதம் வலுவாக இருக்கும், அதற்கு முன்பு கெட்டதற்கு மெலிந்திருக்கும். ஒழுகத் தொடங்கிய பிறகும் பீரோவை நகர்த்தாமல் விட்டிருந்தால் அதையும் கேட்பார்கள். இதை வாடகையில் கழித்துவிடாதீர்கள், அந்தக் கழிவு ரிப்பேர் செலவுக்கு மட்டும்.

"இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அந்த வரியை எடுக்கச் சொன்னால் வீடு கைநழுவிப் போகும். என்ன செய்யலாம்?"

எடுக்கச் சொல்லாதீர்கள், அதன்கீழ் இன்னொரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நல்ல ஓனர் யாரும் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை:

"மேற்படி வீட்டில் இன்று வெளிப்படையாகத் தெரியும் குறைகள் இணைப்பில் எழுதப்பட்டுள்ளன. அவற்றைத் தவிர, பின்னர் தெரியவரும் கட்டுமானம், கூரை ஒழுகல், மறைவுக் குழாய், மின் வயரிங் குறைகளை உரிமையாளர் தம் செலவில் சரிசெய்து தருவார்."

இணைப்பு ஒரே பக்கம் போதும், அறைவாரியாக, இருவர் கையெழுத்தோடு. அதை எழுதும்போது எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து விடுங்கள், எல்லா சுவிட்சையும் போடுங்கள், பீரோவுக்குப் பின்னால் வரப்போகும் சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் கேட்டால் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது. பிறகு மொட்டைமாடிச் சாவியைக் கேட்டு வாங்கி மேலே போய், பெட்ரூமுக்கு நேர்மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே புது சிமென்ட் பூச்சோ தண்ணீர் தேங்கிய பாசிக்கறையோ தெரிந்தால் அதையும் இணைப்பில் எழுதி, "போன மழையில் ஒழுகியதா?" என்ற கேள்வியை வாட்ஸப்பில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.